21 அலகு போதாத காலியம்

பெரிய மருத்துவமனைகளின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் காலையில் நடக்கும் ஒரு வேலை உண்டு. கனமான ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதில் டின் டைஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டைஆக்ஸைடு துகள்களை நிரப்பி, அவற்றில் ஜெர்மானியம் 68 என்ற கதிரியக்க அணுக்களைப் பிடித்து வைத்திருப்பார்கள். குழாயின் ஒரு முனையில் சில மில்லி லிட்டர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தினால், மறு முனையில் காலியம் 68 அமிலத்தோடு கரைந்து வெளியே வரும். ஜெர்மானியம் குழாயிலேயே தங்கிவிடும். இந்தக் கருவிக்கு ஜெனரேட்டர் என்று பெயர். ஆனால் உலகம் முழுக்க இந்தத் துறையினர் இதைப் பசு என்றும், இந்த வேலையைப் பால் கறப்பது என்றும்தான் சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். கறந்த நான்கு மணி நேரத்தில் மடி 90 சதவீதத்துக்கு மேல் மீண்டும் நிரம்பிவிடும். ஒரு பசு ஏறக்குறைய ஓராண்டு கறக்கும்.

வெளியே வந்த காலியம் 68-ஐ ஒரு மருந்து மூலக்கூறோடு பிணைத்து நோயாளிக்குச் செலுத்தி பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய், நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் ஆகியவற்றைத் தேட இது இப்போது நன்கு நிலைபெற்ற முறை. பெட் ஸ்கேனுக்கு வேண்டியது பாசிட்ரான். எலெக்ட்ரானின் அதே எடை, ஆனால் நேர் மின்னூட்டம் கொண்ட துகள் அது. காலியம் 68 சிதையும்போது அதை உமிழ்கிறது.

என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது இதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு விஷயங்கள். காலியம் 68-ஐப் பெற்றெடுக்கும் ஜெர்மானியம் 68 தானும் சிதைகிறது. ஆனால் அது ஒரு பாசிட்ரானைக்கூட உமிழ்வதில்லை. காலியம் 68-ஐவிட ஒரே ஒரு நியூட்ரான் குறைந்த காலியம் 67-உம் கதிரியக்கம் உள்ளதுதான். புற்றுக் கட்டிகளில் அது சேர்வதை 1969-இலேயே கண்டறிந்து, பல ஆண்டுகள் 'காலியம் ஸ்கேன்' எடுத்தார்கள். அதுவும் பாசிட்ரான் தருவதில்லை. அதனால் அதைப் பெட் கருவியில் பார்க்க முடியாது. வேறு வகைக் கேமரா வேண்டும். மூன்று கருக்களுக்கும் தேவை ஒன்றுதான்: ஒரு புரோட்டானை நியூட்ரானாக மாற்றிக்கொள்வது. பிறகு ஏன் ஒன்று மட்டும் பாசிட்ரான் வழியில் போகிறது?

புரோட்டான் நியூட்ரானாக மாறினால் கருவின் நேர் மின்னூட்டம் ஒன்று குறைய வேண்டும். இயற்கையில் மொத்த மின்னூட்டம் காணாமல் போகாது. ஆகவே இரண்டு வழிகள்தான் உள்ளன. நேர் மின்னூட்டத்தை ஒரு துகளின் தலையில் ஏற்றி வெளியே அனுப்பலாம். அந்தத் துகள்தான் பாசிட்ரான். அல்லது எதிர் மின்னூட்டம் ஒன்றை வெளியிலிருந்து உள்ளே வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம். அணுவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் எப்போதும் இருக்கின்றன. அவற்றில் மிக உள்ளே இருக்கும் கே கூட்டின் எலெக்ட்ரான்கள் கருவுக்கு உள்ளேயேகூடச் சிறிது நேரம் தென்படும் வாய்ப்பு உடையவை. அப்படி அகப்பட்ட ஒன்றைக் கரு பிடித்துக்கொள்வதுதான் எலெக்ட்ரான் கவர்தல். இரண்டு வழியிலும் ஒரு நியூட்ரினோ வெளியேறுகிறது. இரண்டு வழியிலும் கடைசியில் கிடைக்கும் கரு ஒன்றேதான். காலியம் 67 எந்த வழியில் போனாலும் துத்தநாகம் 67-ஆகத்தான் முடியும்.

முடிவு ஒன்றே என்றாலும் செலவு ஒன்றல்ல. எல்லாம் இந்தச் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது.

கருக்களின் ஆற்றலை அளக்க கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவைப் பயன்படுத்துவார்கள். பெயர் நீளமாக இருப்பதால் இந்தக் கட்டுரையில் அதை 'அலகு' என்றே சொல்கிறேன். ஐன்ஸ்டைன் காட்டியபடி எடையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை. அந்தக் கணக்கில் ஓர் எலெக்ட்ரானின் எடை 511 அலகு. பாசிட்ரானுக்கும் அதே 511.

அணு எடை அட்டவணைகளில் இருப்பது கருவின் எடை மட்டும் அல்ல. எலெக்ட்ரான்களையும் சேர்த்த முழு அணுவின் எடை. அட்டவணையில் காலியம் 67-இன் எடையிலிருந்து துத்தநாகம் 67-இன் எடையைக் கழித்தால் 1,001 அலகு மிஞ்சுகிறது. இதுதான் காலியம் 67-இன் கையிருப்பு. இந்த மாற்றத்துக்காக அது செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை.

இப்போது முதலில் எலெக்ட்ரான் கவர்தலைப் பார்ப்போம். காலியம் அணுவில் 31 எலெக்ட்ரான்கள், துத்தநாக அணுவில் 30. காலியம் தன் 31 எலெக்ட்ரான்களில் ஒன்றை விழுங்கினால் மிச்சம் 30. துத்தநாகத்துக்கு வேண்டியதும் 30. கணக்கு நேராக முடிந்தது. புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை, எதையும் தனியே ஒதுக்க வேண்டியதில்லை. உள் கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கச் சுமார் 10 அலகு ஆகும். அதைத் தவிர 1,001 முழுவதும் நியூட்ரினோவுக்கும், சேய்க் கருவின் கிளர்ச்சிக்கும் கிடைக்கும்.

பாசிட்ரான் வழியில் கணக்கு வேறு. கரு ஒரு பாசிட்ரானைப் படைத்து வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு 511. கருவின் மின்னூட்டம் 30 ஆகிவிட்டது, ஆனால் சுற்றிலும் இருக்கும் எலெக்ட்ரான்கள் இன்னும் 31. எந்த எலெக்ட்ரானும் விழுங்கப்படவில்லை அல்லவா? துத்தநாக அணுவுக்குத் தேவையில்லாத அந்த ஓர் எலெக்ட்ரான் ஒதுக்கப்பட வேண்டும். அதன் எடை காலியத்தின் கையிருப்புக் கணக்கில் ஏற்கெனவே வரவாகச் சேர்ந்திருக்கிறது. இப்போது அதைச் செலவாக எழுத வேண்டும். இன்னொரு 511. ஆக மொத்தம் 1,022 அலகு.

கையில் இருப்பதோ 1,001. குறைவது 21.

பாடப்புத்தகங்களில் 1.022 என்ற எண்ணைப் போட்டு, பாசிட்ரான் சிதைவுக்கு இவ்வளவு மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று மனப்பாடம் செய்ய விட்டுவிடுகிறார்கள். மாணவர்கள் பலர் இதை ஏதோ பாசிட்ரானைத் தள்ளிவிடும் விசை என்றும், வேறு சிலர் பாசிட்ரானும் எலெக்ட்ரானும் ஒன்றையொன்று அழிக்கும்போது வரும் ஆற்றல் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். எண் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. அழிவு பின்னால் நடக்கும் வேறு நிகழ்ச்சி. இந்த 1,022 சிதைவு நடக்கும்முன்பே கையில் இருக்க வேண்டிய தொகை. ஒரு வழியில் எலெக்ட்ரான் ஒன்று 511-ஐக் கொண்டுவந்து தருகிறது, மறு வழியில் பாசிட்ரான் ஒன்றுக்கு 511-ஐக் கரு கொடுக்க வேண்டியிருக்கிறது. வருவதற்கும் போவதற்கும் உள்ள தூரம்தான் இரண்டு 511.

இதைக் கரு மட்டத்தில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 1,001-இலிருந்து எலெக்ட்ரானின் 511-ஐக் கழித்துவிட்டால், காலியம் 67-இன் கரு மட்டும் துத்தநாகம் 67-இன் கருவைவிடச் சுமார் 490 அலகு கனம் என்று தெரிகிறது. பாசிட்ரான் ஒன்றைப் படைக்க 511 வேண்டும். 490 இருக்கிறது. அதே 21 குறைவு. எந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டாலும் விடை மாறாது.

21 என்பது எவ்வளவு சிறிய தொகை! மருத்துவமனையில் நெஞ்சுக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயின் கதிர்கள்கூட இதைவிடப் பலமானவை. ஆனால் இந்த விதியில் கடன் கிடையாது. 78 மணி நேர அரை ஆயுட்காலத்தில் எத்தனை கோடி காலியம் 67 கருக்கள் சிதைந்தாலும் ஒன்றுகூட இந்த எல்லையைத் தாண்டிப் பாசிட்ரான் தருவதில்லை.

எலெக்ட்ரான் கவர்தலை நேரடியாகக் காட்டிய வரலாற்றில் இந்தக் கருவுக்கு இடம் உண்டு. பாசிட்ரான் உமிழும் செயற்கைக் கதிரியக்கத்தை ஐரீன் கியூரியும் பிரடெரிக் ஜோலியோவும் 1934-இல் கண்டுபிடித்தார்கள். அலுமினியத்தின் மீது ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது அவர்களுக்குக் கிடைத்த பாஸ்பரஸ் 30, பாசிட்ரான்களை உமிழ்ந்தது. பாசிட்ரான் வெளியே வரும் துகள். கருவியில் பட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். எலெக்ட்ரான் கவர்தலோ அப்படியல்ல. 1935-இல் ஜப்பானியர்களான யுகாவாவும் சகாதாவும் கரு தன் எலெக்ட்ரானையே விழுங்கக்கூடும் என்று கோட்பாட்டளவில் கணக்கிட்டார்கள். ஆனால் வெளியே வருவது நியூட்ரினோ மட்டும். அதைப் பிடிக்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. நடந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

பெர்க்லியில் இருந்த லூயிஸ் ஆல்வரெஸ் அணுவின் வெறுமையான இடத்தைப் பார்த்தார். கே கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் காணாமல் போனால் அங்கே ஒரு காலியிடம் உண்டாகும். வெளிக் கூட்டிலிருந்து இன்னோர் எலெக்ட்ரான் அதில் வந்து விழும். விழும்போது ஓர் எக்ஸ் கதிர் வெளிப்படும். அதன் ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தன்மையானது, கைரேகை போல. கவனிக்க வேண்டியது, அந்தக் கைரேகை தாயுடையதாக இருக்காது, சேயுடையதாக இருக்கும். காலியிடம் நிரம்பும் நேரத்தில் கரு ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும். 1937-இல் வனேடியம் 48-இலும், அடுத்த ஆண்டு விரிவாகக் காலியம் 67-இலும் அவர் இதைத் தேடினார். காலியத்திலிருந்து துத்தநாகத்தின் எக்ஸ் கதிர் வந்தது. அதன் ஆற்றல் 8.6 அலகு. காலியத்தின் கைரேகை 9.2-க்கு மேல். இவ்வளவு சின்ன வித்தியாசத்திலிருந்து ஒரு சிதைவு முறை உறுதிப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இனி ஜெர்மானியம் 68-க்கு வருவோம். அதன் கையிருப்பு வெறும் 107 அலகு. 1,022-க்குக் கிட்டக்கூட வராது. கரு மட்டத்தில் பார்த்தால் இன்னும் விசித்திரம். 107-இலிருந்து எலெக்ட்ரானின் 511-ஐக் கழித்தால் எதிர்க்குறியில் 404 வருகிறது. அதாவது ஜெர்மானியம் 68-இன் கரு, தான் மாறவேண்டிய காலியம் 68 கருவைவிட எடை குறைந்தது. தனியே விட்டால் மாறுவதற்கு அதனிடம் ஒரு காசும் இல்லை. எலெக்ட்ரான் கொண்டுவரும் 511-ஐ வைத்துத்தான் 404 பற்றாக்குறையைச் சரிக்கட்டி, மீதி 107-ஐ நியூட்ரினோவுக்கும் எக்ஸ் கதிருக்கும் தருகிறது.

அப்படியானால் எலெக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் என்ன ஆகும்? இந்தச் சிதைவுக்கு வழியே இருக்காது. கேட்க ஊகம் போல இருக்கும், ஆனால் வானத்தில் நடப்பதுதான். பெரிலியம் 7 என்ற கருவின் கையிருப்பு 862 அலகு, ஆகவே அதற்கும் எலெக்ட்ரான் கவர்தல் மட்டுமே வழி. பூமியில் அதன் அரை ஆயுட்காலம் 53 நாள். ஆனால் நட்சத்திரங்களுக்கு இடையே ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் காஸ்மிக் கதிர்களில் கருக்கள் எலெக்ட்ரான் ஏதுமின்றி வெறுமையாகத் திரிகின்றன. அங்கே பெரிலியம் 7 சிதையாமல் நெடுங்காலம் பயணம் செய்து நம் கருவிகளில் வந்து விழுகிறது. பாசிட்ரான் உமிழும் கருவுக்கு இந்தச் சலுகை கிடையாது. எலெக்ட்ரான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சிதையும்.

ஜெர்மானியத்தின் 107 மருத்துவர்களுக்கு இன்னொரு விதத்தில் உதவியிருக்கிறது. கையிருப்பு சிறியதாக இருந்தால் நியூட்ரினோ எடுத்துச் செல்லும் பங்கும் சிறியது, சிதைவும் மெதுவாக நடக்கும். ஜெர்மானியம் 68-இன் அரை ஆயுட்காலம் 271 நாள். பசு ஓராண்டு கறப்பதன் ரகசியம் இந்த ஏழ்மைதான். சேயான காலியம் 68-இன் கையிருப்போ 2,921 அலகு. அரை ஆயுட்காலம் 68 நிமிடம்.

தாயிடம் 107, சேயிடம் 2,921. ஒரே நிறை எண், ஒரே ஒரு புரோட்டான் வித்தியாசம், ஆனால் இவ்வளவு இடைவெளி எங்கிருந்து வந்தது? காலியம் 67-ஐவிடக் காலியம் 68-இல் ஒரு நியூட்ரான் கூடுதல், அதாவது நிலையான காலியம் 69-க்கு இன்னும் அருகில். அது இன்னும் சாதுவாக அல்லவா இருக்க வேண்டும்? நானும் முதலில் இதில் தடுமாறியிருக்கிறேன்.

விடை இணை சேர்வதில் இருக்கிறது. கருவுக்குள் புரோட்டான்கள் புரோட்டான்களோடும் நியூட்ரான்கள் நியூட்ரான்களோடும் சுழற்சி எதிரெதிராக அமைய இரண்டிரண்டாகச் சேர்கின்றன. இணை சேர்ந்தால் ஆற்றல் குறையும், கரு இறுகும். ஜெர்மானியம் 68-இல் 32 புரோட்டான்கள், 36 நியூட்ரான்கள். எல்லாம் இணை. தனியாக எதுவும் இல்லை. காலியம் 68-இல் 31-உம் 37-உம். ஒரு புரோட்டான் தனி, ஒரு நியூட்ரான் தனி. துத்தநாகம் 68-இல் 30-உம் 38-உம். மீண்டும் எல்லாம் இணை. ஜெர்மானியம் காலியமாக மாற வேண்டுமென்றால் ஓர் இணையை உடைத்து இரண்டு தனியன்களை உண்டாக்க வேண்டும். நட்டம். அதனால் கையில் 107 மட்டும் மிஞ்சுகிறது. காலியம் துத்தநாகமாக மாறும்போது அதே இரண்டு தனியன்களும் தீர்ந்து ஓர் இணை கூடுகிறது. லாபம். கையிருப்பு 2,921-க்கு ஏறுகிறது. காலியம் 67-இல் ஒரு தனிப் புரோட்டான் இருந்தது, துத்தநாகம் 67-இல் ஒரு தனி நியூட்ரான் இருக்கும். தனியன் முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆகவே 1,001.

2,921-இல் 1,022 போக 1,899 அலகு மிச்சம். இதைப் பாசிட்ரானும் நியூட்ரினோவும் ஒவ்வொரு சிதைவிலும் வெவ்வேறு விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே காலியம் 68-இன் பாசிட்ரான்கள் ஒரே வேகத்தில் வருவதில்லை. அதிகபட்சம் 1,899, மற்றவை அதற்குக் கீழே.

பணம் இருப்பதும் அதைச் செலவழிப்பதும் வேறு வேறு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1,022 என்பது பாசிட்ரானுக்கு அனுமதிச் சீட்டு மட்டுமே. அதைக் கையில் வைத்திருக்கும் கருவுக்கு எலெக்ட்ரான் கவர்தலும் திறந்தே இருக்கிறது. இரண்டும் போட்டி போடும். காலியம் 68-இல் 100 சிதைவில் 89 பாசிட்ரான், 11 எலெக்ட்ரான் கவர்தல். பெட் ஸ்கேனில் மிகப் பரவலாகப் பயன்படும் ஃபுளோரின் 18-க்குக் கையிருப்பு 1,656. செலவு போக மிச்சம் 634 தான். ஆனாலும் அதில் 97 பாசிட்ரான், 3 மட்டுமே கவர்தல். துத்தநாகம் 65-க்குக் கையிருப்பு 1,352. மிச்சம் 330. அனுமதி இருந்தும் 100-க்கு ஒன்றரைக்கும் குறைவான பாசிட்ரான்தான் தருகிறது.

ஃபுளோரினில் கரு சிறியது, 9 புரோட்டான்கள்தான். உள் கூட்டின் எலெக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளியே இருக்கின்றன, எளிதில் அகப்படுவதில்லை. துத்தநாகத்தின் 30 புரோட்டான்கள் அந்த எலெக்ட்ரான்களை இறுக்கி அருகே இழுத்து வைத்திருக்கின்றன. கரு இருக்கும் இடத்தில் அவை தென்படும் வாய்ப்பு புரோட்டான் எண்ணிக்கையின் கனத்துக்கு ஏற்ப, அதாவது அதை மும்முறை பெருக்கிய அளவில், உயரும். 9-க்கும் 30-க்கும் இடையே அது 37 மடங்கு. நேர் மின்னூட்டம் கொண்ட பாசிட்ரானைச் சுற்றியுள்ள மின்புலமும் மெதுவாகக் கிளம்ப விடுவதில்லை. குறைந்த ஆற்றலும் கனமான கருவும் சேர்ந்துவிட்டால் கவர்தலே வெல்லும். இவற்றோடு இன்னொன்றும் துத்தநாகம் 65-இல் சேர்ந்திருக்கிறது. அதன் சிதைவுகளில் பாதி, சேயான செம்பு 65-இன் 1,115 அலகு உயரமான கிளர்ந்த நிலையில் போய் நிற்கின்றன. அந்த நிலைக்குப் போகும் சிதைவுக்கு 1,352-இல் 1,115 போக 237 தான் கையிருப்பு. 1,022-ஐ எட்டாது.

இதை மறந்தால் கணக்குத் தவறிவிடும். கையிருப்பைச் சேயின் அடி நிலைக்கு மட்டும் பார்த்துவிட்டுப் பாசிட்ரான் வரும் என்று முடிவு கட்டக் கூடாது. எந்த நிலையில் போய் இறங்குகிறதோ அந்த நிலைக்கு வைத்துப் பார்க்க வேண்டும். நம் எல்லோர் உடலிலும் இருக்கும் பொட்டாசியம் 40 இதற்கு நல்ல சாட்சி. ஆர்கானாக மாற அதன் கையிருப்பு 1,505. 1,022-ஐத் தாண்டியாயிற்று. ஆனால் அந்த வழியில் போகும் சிதைவுகள் பெரும்பாலும் ஆர்கானின் 1,461 அலகு உயரமான நிலைக்கே போகின்றன. மிச்சம் 44. எலெக்ட்ரான் கவர்தலுக்கு அது போதும், பாசிட்ரானுக்குப் போதாது. அடி நிலைக்கு நேரே போவது கருவின் சுழற்சி விதிகளால் மிகக் கடினம் என்பதால், லட்சம் பொட்டாசியம் 40 சிதைவுகளில் ஒன்றுதான் பாசிட்ரான் தருகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்கான். அதில் அநேகமாக எல்லாமே இப்படி எலெக்ட்ரானை விழுங்கிய பொட்டாசியத்திலிருந்து வந்ததுதான்.

மருத்துவமனைக்குத் திரும்புவோம். பாசிட்ரான் உடலில் சிறிது தூரம் ஓடி ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். அந்த இடத்திலிருந்து 511 அலகுள்ள இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். பெட் கருவியின் வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் எங்கோ கட்டி இருக்கிறது என்று அறியும். காலியம் 67-இல் இந்த ஜோடி கிடையாது. துத்தநாகம் 67 தன் கிளர்ச்சியைத் தணித்துக்கொள்ளும்போது வெளிவிடும் 93, 185, 300 அலகுக் காமா கதிர்கள் ஒவ்வொன்றாக வரும். அவை வந்த திசையை அறிய, நுண்ணிய துளைகளிட்ட ஈயத் தட்டைக் காமா கேமராவுக்கு முன்னே வைக்க வேண்டும். நேராக வராத கதிர்களை அந்தத் தட்டு தடுத்துவிடும், பெரும் பகுதி வீணாகும். மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் கழித்துப் படம் எடுப்பார்கள். காலியம் 68 வந்தபின் அதே நோயாளிக்கு ஒரே காலையில் வேலை முடிகிறது. 21 அலகுப் பற்றாக்குறையின் விலை அது.

காலியம் 68-இன் தாராளமான மிச்சத்துக்கும் ஒரு குறை உண்டு. 1,899 வரை ஆற்றலுள்ள பாசிட்ரான் அழிவதற்கு முன் திசுவுக்குள் அதிகபட்சம் 9 மில்லி மீட்டர் வரை ஓடக்கூடும். ஃபுளோரினின் 634-இல் அது இரண்டரை மில்லி மீட்டருக்குள் நின்றுவிடும். கருவி பார்ப்பது பாசிட்ரான் அழிந்த இடத்தை. மருந்து இருந்த இடத்தை அல்ல. ஆகவே சின்னக் கட்டிகளின் விளிம்பு காலியத்தில் சற்றே மங்கும்.

ஜெனரேட்டரில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. அமிலத்தோடு ஜெர்மானியம் 68-உம் சிறிது கசிந்து வந்துவிடலாம். கசிந்தால் 271 நாள் அரை ஆயுள் கொண்ட அது நோயாளியின் உடலுக்குள் போய்விடும். ஐரோப்பிய மருந்து நூல் விதிக்கும் எல்லை 0.001 சதவீதம். மூன்று நாள் கறக்காமல் விட்ட பசுவில் கசிவு கூடுதலாகச் சேரும். காலியம் சிதைந்து உண்டான நிலையான துத்தநாகமும் குழாயில் தேங்கி, மருந்து மூலக்கூறோடு பிணைய காலியத்தோடு போட்டி போடும். அதனால் வார விடுமுறைக்குப் பிறகு முதல் கறவையை நோயாளிக்குப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுவார்கள்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மானியம் 68-இடம் காமா கதிர் இல்லை. பாசிட்ரான் இல்லை. இருப்பதெல்லாம் 9.2 அலகு எக்ஸ் கதிர், அது கண்ணாடிச் சீசாவின் சுவரைக்கூடச் சரியாகத் தாண்டாது. கறந்த புதிதில் சீசாவிலிருந்து 511 கொட்டும், ஆனால் அது முழுவதும் காலியத்துடையது. அதனால் ஆய்வகத்தார் கறந்ததில் சிறிதளவை எடுத்துத் தேதி எழுதி இரண்டு நாள் அப்படியே வைத்துவிடுகிறார்கள். 48 மணி நேரத்தில் 68 நிமிடம் 40 முறைக்கு மேல் அடங்கும். கறந்து வந்த காலியம் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்து, இல்லை என்றே ஆகிவிடும். மூன்றாம் நாள் சீசாவைக் கருவியின் முன் வைத்து எண்ணுவார்கள். அப்போதும் 511 கேட்டால், அந்தப் பாசிட்ரானைத் தந்தது இரண்டு நாள் முன்பு இல்லாத ஒரு காலியம். அதைச் சீசாவுக்குள்ளேயே பெற்றது, தன் எலெக்ட்ரான் ஒன்றைச் சத்தமில்லாமல் விழுங்கிய ஒரு ஜெர்மானியம்.